காணாமல் போன பலட்டுகளும் என் காலைக் கணக்கும்

கொழும்புக் கம்பனியிலிருந்து காசு கேட்டு வந்த டெபிட் நோட்டில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. மூன்று மாதத்தில், சரக்கு அடுக்கும் பலட் 186 குறைவு, ஒன்றுக்கு 5,500 ரூபா, மொத்தம் 1,023,000 ரூபா. எந்த நாளில் எத்தனை குறைந்தது, எந்த லொறியில் குறைந்தது என்று ஒரு விவரமும் இல்லை. முதலாளி அதை என் மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, ஸ்டோர்ஸுக்கு நீர்தான் பொறுப்பு. இதுக்கு என்ன சொல்லுறீர்?" என்று கேட்டார். சொல்ல என்னிடம் ஒன்றுமே இருக்கவில்லை. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. இதே சிக்கலில் மாட்டி வெளியே வந்த ஒருவர் அந்த நேரம் என்னோடு கதைத்திருந்தால் இரண்டு மூன்று மாத நித்திரையாவது மிஞ்சியிருக்கும். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

நான் கைதடிப் பக்கம் ஒரு விநியோகஸ்தரின் ஸ்டோர்ஸில் சுப்பர்வைசர். பிஸ்கட், சவர்க்காரம், பால்மா என்று கொழும்பிலிருந்து ஏ9 வீதி வழியாக இரவு லொறிகளில் சரக்கு வரும். ஒரு இருபது அடி லொறியில் பத்து பலட் சரக்கு. பலட் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: 1200க்கு 1000 மில்லிமீற்றர் அளவில், ஏறக்குறைய அரையடி உயரத்தில், இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் மரத்தட்டு. சரக்கை அதன்மேல் அடுக்கினால் போர்க்லிப்ட்டின் இரண்டு முட்களும் அடியில் நுழைந்து அப்படியே தூக்கும். சரக்கு நாங்கள் காசு கொடுத்து வாங்குவது. பலட் அப்படியல்ல, அது கம்பனியின் சொத்து. வெறும் பலட்டைத் திருப்பி அனுப்பவேண்டும், அனுப்பாவிட்டால் காசு கட்டவேண்டும். சரக்கை எண்ண எல்லோரும் துடிப்பார்கள். பலட்டை யாரும் ஒரு பொருளாகவே பார்ப்பதில்லை. எங்கள் இடத்திலும் மாத முடிவில் ஒருதடவை எண்ணி ஒரு கொப்பியில் எழுதுவதோடு சரி. நான் வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே அதுதான் வழக்கம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பலட்டுக்கு என்ன பெறுமதி என்று கேட்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் இங்கே வந்து பார்க்கவேண்டும். மாரி தொடங்கினால் கடைக்காரர் எல்லோருக்கும் மா மூட்டையையும் சீனி மூட்டையையும் நிலத்தில் படாமல் வைக்க ஏதாவது வேண்டும். வெங்காயம் கட்டி வைப்பவர்களுக்கும் அடியில் காற்றோட வேண்டும். பழைய பலட் ஒன்றுக்கு இரண்டாயிரம் ரூபா கொடுக்க ஆள் இருக்கிறது. பிரித்தால் கோழிக்கூட்டுக்கும் வேலிக்கும் ஆகும். அதனால் பலட் காணாமல் போகிறது என்றதும் எல்லோர் கண்ணும் ஒரே இடத்துக்குத்தான் போனது. எங்கள் இரவுக் காவலாளி ஐயாவின் வீட்டில் பலட் பலகையில் அடித்த ஒரு கோழிக்கூடு இருந்தது. முந்திய சுப்பர்வைசர் காலத்தில் உடைந்து ஒதுக்கிய பலகைகளைக் கேட்டு எடுத்துப் போனது அது. ஆனால் கேட்டதற்கு எழுதிய துண்டு ஒன்றும் இல்லை. ஸ்டோர்ஸில் இருந்த பொடியன்கள் ஐயாவுக்குக் கேட்கும்படியாகவே கதைக்கத் தொடங்கினார்கள். அவர் என்னிடம் வந்து, "தம்பி, நான் வேலையை விடட்டோ?" என்று கேட்டார். விடவேண்டாம், மாத முடிவு வரை பொறுங்கள் என்றேன். அவர் எடுக்கவில்லை என்று எனக்கு அப்போது நிச்சயமாகத் தெரியாது. தெரியாத நிலையில் ஒருவரைப் போகவிட்டால், அவரோடு சேர்ந்து கேள்வியும் போய்விடும் என்பது மட்டும் தெரிந்தது.

முதலாளியும் இதற்கிடையில் ஒரு கடிதம் தயாரித்து வைத்திருந்தார். குறைவுத் தொகையில் ஒரு பங்கை மாதாமாதம் என் சம்பளத்தில் கழித்துக்கொள்ள நான் சம்மதிப்பதாக. அதில் நான் கையெழுத்து வைக்கவில்லை. சண்டையும் பிடிக்கவில்லை. "எங்கே குறையுது எண்டு காட்ட எனக்கு ஆறு கிழமை தாங்கோ, அதுக்குப் பிறகு கதைப்பம்" என்று எழுத்தில் கொடுத்தேன். இப்படி ஒரு நிலை உங்களுக்கு வந்தால் முதலில் இதைச் செய்யுங்கள். கையெழுத்து வைத்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் காரணத்தைத் தேடப்போவதில்லை, காசு வந்துகொண்டிருக்கும்தானே. அந்தக் காலாண்டுக்கு எனக்கு வரவேண்டிய ஊக்கத்தொகை 45,000 ரூபாவை அவர் நிறுத்தி வைத்தார். அதை என்னால் தடுக்க முடியவில்லை.

பிறகு தினசரி அறிக்கையைத் தொடங்கினேன். எக்செல்லில் ஒரு நாளுக்கு ஒரு வரி. B நிரலில் நேற்றுக் காலை எண்ணியது, C கொழும்பிலிருந்து வந்தது, D கடைகளுக்குச் சரக்கோடு போனது, E கடைகளிலிருந்து திரும்பியது, F கொழும்புக்கு வெறுமையாகப் போனது, G உடைந்து ஒதுக்கியது. H இருக்கவேண்டிய தொகை, I இன்று காலை எண்ணிக் கண்டது, J வித்தியாசம்.

```
H2: =B2+C2-D2+E2-F2-G2
J2: =I2-H2
```

இவ்வளவுதான். ஆனால் இதில் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். B நிரலில் போடவேண்டியது நேற்று உண்மையில் எண்ணிய தொகை, நேற்று இருக்கவேண்டியிருந்த தொகை அல்ல. கணக்குத் தொகையைப் போட்டால் ஒருநாள் குறைந்த ஆறு பலட்டும் அடுத்த நாள், அதற்கடுத்த நாள் என்று எல்லா வரியிலும் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும், எந்த நாளில் குறைந்தது என்று கண்ணுக்குப் படாது. எண்ணிய தொகையிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு நாளின் குறைவும் அந்த நாளின் வரியிலேயே நிற்கும். மாத முடிவில் மட்டும் எண்ணுகிறவர்களுக்குக் கிடைக்காதது இதுதான். அவர்களுக்கு 60 குறைவு என்று தெரியும், அந்த 60 ஒரே நாளில் போனதா, பத்து நாளில் போனதா என்று தெரியாது.

எண்ணும் நேரத்தைக் காலை ஏழு மணி என்று வைத்தேன். முதல் லொறியின் கதவு திறக்கும் முன், போர்க்லிப்ட் ஓடத் தொடங்கும் முன். சரக்கு ஏற்றிய பலட், வெறும் பலட், உடைந்தது மூன்றையும் தனித்தனியாக, ஆளுக்கொரு பக்கமாக இரண்டு பேர் எண்ணி, பிறகு பக்கம் மாறி எண்ணுவார்கள். அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். அவர்களுக்கு நான் கொடுத்தது வெறும் தாள். எத்தனை இருக்கவேண்டும் என்று அதில் போடவில்லை. தொகை தெரிந்தால் மனிதன் அந்தத் தொகை வரும்வரைதான் எண்ணுவான். கள்ளமாகச் செய்வதாக இருக்கவேண்டியதில்லை, ஒரு மூலையில் சந்தேகம் வந்தால் 192 என்று தெரிந்தவன் 192க்கு ஏற்றபடி தீர்த்துக்கொள்வான். வெறும் பலட்டை அடுக்காக எண்ணவேண்டாம், பக்கவாட்டில் நின்று கீழிருந்து மேலே ஒவ்வொன்றாக எண்ணுங்கோ என்றும் சொன்னேன். அந்த ஒரு சொல்லில்தான் பின்னால் முழுக் கதையும் திறந்தது. சொல்லும்போது எனக்கு அது தெரியாது.

முதல் கிழமை அறிக்கை எனக்கே தலைசுற்றலாக இருந்தது. ஒருநாள் கூட மூன்று, மறுநாள் குறைய மூன்று. இன்னொரு நாள் கூட ஒன்று. நான் இரவில் இருந்து இவற்றைத் துருவிப் பார்த்ததில் தெரிந்தது நேரக் கோளாறு. பருத்தித்துறைப் பக்கம் போன எங்கள் சின்ன லொறி பின்னேரம் ஆறரைக்குத் திரும்பி மூன்று வெறும் பலட்டை இறக்கியிருக்கும், அதன் துண்டு மறுநாள்தான் மேசைக்கு வந்திருக்கும். காலை எண்ணும்போது பலட் இருக்கிறது, துண்டு இல்லை, எனவே கூட மூன்று. அடுத்த நாள் துண்டைப் பதிகிறோம், பலட் ஏற்கெனவே எண்ணியாயிற்று, எனவே குறைய மூன்று. ஆகவே கூடுவதும் குறைவதும் அடுத்தடுத்து ஒரே தொகையில் வந்தால் பயப்படத் தேவையில்லை, துண்டு பிந்தியிருக்கிறது என்று அர்த்தம். எதிரே கூடுதல் இல்லாமல் தனியாக நிற்கும் குறைவைத்தான் தேடவேண்டும். இது புரியாமல் முதல் கிழமையே அறிக்கையைத் தூக்கி எறிந்துவிட்டவர்கள் இருக்கிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் செய்தது, ஆறு மணிக்குப் பிறகு வரும் எந்தத் துண்டையும் வாசலில் ஒரு ஆணியில் குத்தி வைக்கச் சொன்னது. காலையில் எண்ணும் முன் அதைப் பார்ப்போம். நேரக் கோளாறு முக்கால்வாசி அதோடு போய்விட்டது.

அப்புறம் மிஞ்சியவை தெளிவாக நின்றன. ஒரு கிழமையை அப்படியே சொல்கிறேன். திங்கள் காலை எண்ணியது 211. அன்று வந்தது 20, கடைகளுக்குப் போனது 8, கடைகளிலிருந்து திரும்பியது 5, கொழும்புக்கு வெறுமையாகப் போனது 36, உடைந்தது இல்லை. இருக்கவேண்டியது 192. செவ்வாய் காலை எண்ணினால் 186. ஆறு குறைவு. செவ்வாய் வந்தது 10, போனது 6, திரும்பியது 4, கொழும்புக்கு ஒன்றும் போகவில்லை, உடைந்தது 1. இருக்கவேண்டியது 193, எண்ணியதும் 193. புதன் வந்தது 10, போனது 5, திரும்பியது 3, கொழும்புக்கு 24. இருக்கவேண்டியது 177, எண்ணியது 173. நான்கு குறைவு. வியாழன் வந்தது 20, போனது 7, திரும்பியது 6, கொழும்புக்கு 48. இருக்கவேண்டியது 144, எண்ணியது 136. எட்டுக் குறைவு.

நான் முதலில் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: கொழும்புக்கு வெறும் பலட் போகாத நாட்களில் குறைவு இல்லை. அதிலேயே காவலாளி ஐயாவின் பெயர் எனக்குள் அழிந்துவிட்டது. இரவில் ஒருவர் களவாக எடுக்கிறார் என்றால் அவர் லொறி போகும் நாளாகப் பார்த்து மட்டும் எடுக்க என்ன தேவை? செவ்வாய் இரவும் மதில் அதே மதில்தான். ஆனால் அடுத்த கேள்வி என்னைக் கொஞ்ச நாள் கொன்றது. கொழும்புக்குப் போகும்போது குறைகிறது என்றால், கொழும்பில் குறைவாக வாங்கியதாக அல்லவா எழுதவேண்டும்? அங்கே இறக்குமிடத்தில் இருக்கும் எழுதுவினைஞரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன். நல்ல மனுசன், ஒவ்வொரு துண்டாக எடுத்துச் சொன்னார். 36 என்று எங்கள் வாசலில் எழுதும் கேட் பாஸில் போனதற்கு அவர்கள் 36 என்று கையெழுத்து வைத்திருந்தார்கள். 24க்கு 24. 48க்கு 48. இரண்டு பக்கக் கடதாசியும் கண்ணாடியில் பார்த்தது போல ஒத்திருந்தது. இதற்கு மேல் யார் என்ன தேடுவார்கள்?

ஆறு, நான்கு, எட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்து இந்த எண்களையும் 36, 24, 48 என்பதையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். வெறும் பலட்டைக் கொழும்புக்கு அனுப்பும்போது பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்குவது கம்பனியின் ஒழுங்கு. 36 என்றால் மூன்று அடுக்கு, 24 என்றால் இரண்டு, 48 என்றால் நான்கு. மூன்று அடுக்குக்கு ஆறு, இரண்டு அடுக்குக்கு நான்கு, நான்கு அடுக்குக்கு எட்டு. எப்போதும் ஓர் அடுக்குக்கு இரண்டு. மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து "என்னப்பா, காய்ச்சலோ?" என்று கேட்டா.

விஷயம் இதுதான். பலட் எங்கள் ஸ்டோர்ஸிலிருந்து குறைந்து போகவில்லை, கூடிப் போயிருக்கிறது. பன்னிரண்டு என்று எழுதிய அடுக்கில் பதினான்கு இருந்திருக்கிறது. கேட்டில் நிற்பவர் அடுக்கைத்தான் எண்ணுகிறார், மூன்று அடுக்கு என்றால் 36 என்று கையெழுத்து வைக்கிறார். வழியில் எங்கோ அடுக்குக்கு இரண்டை இறக்கிவிட்டு மிச்சம் சரியாக 36ஐக் கொழும்பில் கொடுக்கிறார்கள். அங்கேயும் சரி, இங்கேயும் சரி, எந்தத் துண்டிலும் பிழை இல்லை. கள்ளம் முழுவதும் எழுதாத இரண்டில் இருக்கிறது. நிலத்தில் மிஞ்சியிருப்பதை ஒவ்வொன்றாக எண்ணினால் மட்டும்தான் அது தெரியும்.

கண்ணுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். ஒரு பலட் ஏறக்குறைய பதினாலரை சென்ரிமீற்றர் உயரம். பன்னிரண்டு அடுக்கினால் ஒரு மீற்றர் எழுபத்துநாலு, ஏறக்குறைய ஓர் ஆள் உயரம். பதினான்கு என்றால் இரண்டு மீற்றருக்கு மேல். கிட்டத்தட்ட ஓர் அடி வித்தியாசம். ஆனால் எல்லா அடுக்கும் ஒரே உயரத்தில் பதினான்காக நின்றால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. அதோடு அடுக்குகள் முதல் நாள் பின்னேரமே போர்க்லிப்ட் ஓட்டும் தம்பியால் சுவரோரம் அடுக்கி வைக்கப்பட்டு, காலையில் அவசரமாக ஏற்றி, தார்ப்பாய் மூடிப் போய்விடும்.

இன்னொரு நிரலும் சேர்த்தேன்: லொறி இலக்கம். பழைய கேட் பாஸ்களை எடுத்து முந்திய நான்கு கிழமைக்கும் நிரப்பினேன். முதலாளியின் மச்சானுடைய போக்குவரத்து லொறிகளில் குறிப்பிட்ட இரண்டு லொறி போன நாளெல்லாம் அடுக்குக்கு இரண்டு. அவரிடம் லொறி இல்லாமல் வெளியே வாடகைக்குப் பிடித்த நாட்களில் 36 போனாலும் 48 போனாலும் வித்தியாசம் பூச்சியம். அதைக் கண்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கோழிக்கூடு வைத்திருந்த கிழவனைப் பேச எல்லோருக்கும் வாய் இருந்தது. முதலாளியின் மச்சானைப் பேச யாருக்கு இருக்கும்? அதோடு அந்தப் போர்க்லிப்ட் தம்பி எனக்குப் பழக்கம். அவன் தங்கையின் கலியாணத்துக்கு நான் போய்ப் பந்தியில் நின்று பரிமாறியவன்.

அந்த அறிக்கையை நான் எப்படிக் கொடுத்தேன் என்பதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் வேலையை இழக்கிறார்கள். ஒருவர் பெயரையும் அதில் எழுதவில்லை. திகதி, அடுக்கு, லொறி இலக்கம், வித்தியாசம், அவ்வளவுதான். "களவு" என்ற சொல்லையும் போடவில்லை. முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு காலையும் அறிக்கையை முதலாளிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி வந்தேன். அவர் திறந்தும் பார்த்திருக்கமாட்டார். ஆனால் அது ஒரு பெரிய உதவி செய்தது: இந்த எண்களை நான் பிறகு இருந்து உருவாக்கினேன் என்று யாராலும் சொல்ல முடியாமல் போய்விட்டது. ஒவ்வொன்றும் அந்தந்த நாள் ஏழரை மணிக்குப் போயிருக்கிறது. பிறகு நான் லொறியை மறித்துப் பிடிக்கப் போகவில்லை. முதலாளியிடம் போய், கேட் பாஸ் படிவத்தை மாற்றப்போகிறேன், நாளைக் காலை ஒரு லொறியில் ஏற்றும்போது நீங்களும் வந்து நில்லுங்கோ என்று மட்டும் கேட்டேன். தனியாக மறித்திருந்தால் எனக்கும் சாரதிக்கும் வாய்த்தர்க்கமாக முடிந்திருக்கும், யார் சொல்வது உண்மை என்று கடைசிவரை இழுபட்டிருக்கும்.

மறுநாள் மூன்று அடுக்கு. கேட் பாஸில் 36. தார்ப்பாய் மூடும் முன் முதலாளி முன்னால் நின்று ஒவ்வொன்றாக எண்ணினோம். 42. போர்க்லிப்ட் தம்பி, "அண்ணை, மாறி அடுக்கிப்போட்டன் போல" என்றான். ஒருநாள் என்றால் அதை நானும் நம்பியிருப்பேன். முதலாளி என்னைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய் அறிக்கை முழுவதையும் திறக்கச் சொன்னார். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏன் எப்பவும் ரெண்டு?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. லொறி இலக்க நிரலை வடிகட்டிக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு ஒன்றும் கதைக்காமல் வாகனத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த இரண்டு கிழமை நான் பட்டபாடு டெபிட் நோட் வந்தபோது பட்டதிலும் மோசம். ஸ்டோர்ஸில் ஒருவரும் என்னோடு தேநீருக்கு வரவில்லை. மச்சான் நேரே வந்து, "உனக்குக் கணக்குத் தெரிஞ்ச அளவுக்கு ஆக்களைத் தெரியேல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். தன் சாரதிகள் செய்தது தனக்குத் தெரியாது என்றே அவர் கடைசிவரை சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம், என் அறிக்கை லொறி வரைக்கும்தான் காட்டும், மனதைக் காட்டாது. அதே நாட்களில் கொடிகாமத்தில் ஒரு மொத்தக் கடையில் மா மூட்டைக்கு அடியில் கம்பனியின் எழுத்துக் குத்திய பலட் பதினைந்துக்கு மேல் கிடந்ததைக் கண்டேன். எங்கள் சரக்கு அந்தக் கடைக்குப் பலட்டோடு போவதே இல்லை, கையால்தான் இறக்குவோம். கடைக்காரர் ஒளிக்கவில்லை, "கொழும்பு லொறிக்காரர் தந்தது, ஒண்டு இரண்டாயிரம்" என்றார். அவருக்கு அது களவுப் பொருள் என்றே தெரியாது. படம் எடுத்துக்கொண்டேன், அவரிடம் பறிக்கப் போகவில்லை.

186ம் இந்த வழியால் போனதல்ல, அதையும் சொல்லவேண்டும். சரக்கோடு பலட்டாகவே எடுக்கும் பெரிய கடைகளில் தேங்கி நின்றதைத் தேடிப் போனதில் 31 கிடைத்தது. ஒவ்வொரு கடைக்கும் பலட் மிச்சம் எத்தனை என்று டிலிவரி நோட்டின் அடியில் ஒரு வரி எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தால் அது அங்கே தேங்கியே இருந்திருக்காது, இப்போது வாங்குகிறோம். உடைந்து கொல்லைப்புறத்தில் கிடந்தவற்றைப் படம் எடுத்து அனுப்பி 14ஐக் கம்பனி கழித்துக்கொண்டது. அதற்கும் ஒரு விதி இருக்கிறது, கம்பனி எழுத்துக் குத்திய கட்டை முழுதாகத் தெரியவேண்டும், பலகைத் துண்டைக் காட்டினால் ஏற்கமாட்டார்கள். எனவே உடைந்த பலட்டை யாருக்காவது கொடுக்க முன் படமும் துண்டும் வேண்டும். காவலாளி ஐயாவிடமும் பழைய கோழிக்கூட்டுக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தேன், சிரித்தார். மிச்சம் 141. காசாக 775,500 ரூபா. என் அறிக்கையில் சராசரியாக வாரம் ஐந்து, ஆறு அடுக்கு அந்த லொறிகளில் போனது, அடுக்குக்கு இரண்டு, மூன்று மாதத்துக்குப் பெருக்கினால் ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான் வரும். ஆனால் அறிக்கை தொடங்கும் முன் நடந்ததற்கு என்னிடம் ஆதாரம் இல்லை, பெருக்கல் ஆதாரமாகாது. கம்பனிக்காரரும் அதையேதான் சொன்னார்கள். கடைசியில் பாதியை மச்சானின் லொறி வாடகையில் தவணையாகக் கழிப்பது, பாதியை முதலாளி கட்டுவது என்று குடும்பத்துக்குள் பேசி முடித்தார்கள்.

இப்போது ஏற்றும் இடத்தில் சுவரில் பன்னிரண்டு பலட் உயரத்துக்கு ஒரு மஞ்சள் கோடு அடித்திருக்கிறோம். அதை மட்டும் நம்பவேண்டாம். எல்லாப் பலட்டும் ஒரே உயரம் இல்லை, பதினாலு சென்ரிமீற்றரும் இருக்கும் பதினைந்தும் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சென்ரிமீற்றர் மாறினால் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு சென்ரிமீற்றர், ஏறக்குறைய ஒரு பலட் அளவு. ஆகவே கோடு இரண்டு கூடினால் காட்டிக்கொடுக்கும், ஒன்று கூடினால் காட்டாது. எனவே கேட் பாஸில் அடுக்கு என்ற கட்டத்தையே எடுத்துவிட்டோம். எத்தனை பலட் என்று மட்டும் இருக்கிறது, எண்ணியவர், சாரதி இருவரும் கையெழுத்து வைக்கவேண்டும், எண்ணுபவர் அடுக்கியவராக இருக்கக்கூடாது. காலை எண்ணிக்கையும் நிற்கவில்லை. ஒன்று, இரண்டு கூடிக்குறையும். அடுக்குக்கு இரண்டு என்பது அந்த 42க்குப் பிறகு ஒருநாளும் வரவில்லை.

போர்க்லிப்ட் தம்பி மாத முடிவில் தானாகவே நின்றுவிட்டான், கிளிநொச்சிப் பக்கம் வேலை செய்கிறான் என்று கேள்வி. என் 45,000 ரூபா இன்னும் வரவில்லை. முதலாளி "பாப்பம் தம்பி" என்கிறார். டெபிட் நோட் தீர்ந்த திகதியையும் தொகையையும் போட்டு, நிறுத்திய ஊக்கத்தொகையைத் தரும்படி போன மாதம் ஒரு கடிதம் கொடுத்து, பிரதியில் அவருடைய கையெழுத்தையும் வாங்கி வைத்திருக்கிறேன்.